யார் சொல்லி வந்தீர்கள்?

எங்கள் ஊரில் யாரும் தானாக ஒரு இடத்துக்குப் போவதில்லை. பல்லைப் பிடுங்குவதானாலும், பம்புசெட்டுக்கு மோட்டார் வாங்குவதானாலும், பையனுக்குப் பெண் பார்ப்பதானாலும் யாராவது ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். போய் நின்றதும், "யாரு சொல்லி வாரிய?" என்றுதான் கேட்பார்கள். சரியான பெயரைச் சொன்னால் நாற்காலி கிடைக்கும். சில இடங்களில் டீயும் வரும். இந்தக் கேள்வியை நம்பி நான் ஒரு திட்டம் போட்டேன். திட்டமா அது? என் தலையில் நானே வைத்துக்கொண்ட கொள்ளி.

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், உரக்கடைக்கு மேலே, மாடியில் ஒற்றை அறை. அதுதான் என் விளம்பர ஏஜென்சி. கடைக்குப் பெயர் எழுத்து வடிவமைப்பது, போர்டு டிசைன், போனில் கடைக்கு ஒரு பக்கம் திறந்து மாதாமாதம் படமும் செய்தியும் போட்டுப் பராமரிப்பது, ஆடித்தபசு, தீபாவளி என்று வந்தால் விளம்பரம். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் இதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்துகொண்டிருந்தவள், சொந்தமாகச் செய்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "இந்த ஊர்ல கடைக்காரன் சாம்பிராணி போடுததுக்கே யோசிப்பான். விளம்பரத்துக்கா துட்டு குடுப்பான்?" என்றார். பல நாள் நான் கடையைத் திறந்ததே அவர் சொன்னது நடந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். தை மாதத்துக்குள் கடை தன் காலில் நிற்க வேண்டும். இல்லையென்றால் கோயம்புத்தூர் கம்பெனியில் பழைய நாற்காலிக்கே திரும்பிப் போவது என்று வீட்டில் பேச்சு.

அப்போது எனக்கு வந்த வேலையில் முக்கால்வாசி, பிரஸ் அண்ணாச்சி அனுப்பியது. ரத வீதிக்குள் அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், நோட்டீஸ் எல்லாம் அடிப்பார். யாராவது புதிதாகக் கடை திறப்பதாகச் சொன்னால், "டிசைனுக்கு மாடியில ஒரு தங்கச்சி இருக்கு, அங்கன போங்க" என்று அனுப்பிவிடுவார். நானும் அச்சு வேலை எது வந்தாலும் அவரிடம்தான் கொடுப்பேன். இன்னொருவர் போட்டோ ஸ்டுடியோத் தம்பி. வயது முப்பதுக்குள். ட்ரோன் கேமரா வாங்கிய கடனில் கழுத்துவரை மூழ்கியிருந்தான். கடைக்குப் படம், வீடியோ வேண்டும் என்றால் நான் அவனைக் கூப்பிடுவேன். கல்யாணவீட்டில் எவனாவது கடை வைக்கப்போவதாகப் பேசினால் அவன் என் நம்பரைக் கொடுப்பான். இப்படி மூன்று பேரும் ஒருவர்மீது ஒருவர் சாய்ந்துகொண்டு பிழைத்தோம். யாரும் கணக்கு வைக்கவில்லை.

கணக்கு வைக்கலாம் என்றவள் நான். கோயம்புத்தூரில் கம்பெனிகள் இப்படி ஒப்பந்தம் போட்டுக்கொள்வதைப் பார்த்திருந்தேன். வாடிக்கையாளரை அனுப்பியவருக்குப் பில்லில் ஒரு பங்கு. அப்படியொரு ஏற்பாடு இருந்தால் ஞாபகம் வந்தபோது அனுப்புவது போய், தேடிப் பிடித்து அனுப்புவார்கள் என்று நினைத்தேன். எனக்கு வேலை வேண்டும். தம்பிக்குக் கடன் அடைய வேண்டும். அண்ணாச்சிக்கு மட்டும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. "எதுக்கு தாயி இதெல்லாம்? நல்லாத்தான போவுது?" என்றார். நான்தான் என் தை மாதக் கெடுவையும் சொல்லி, விடாமல் பேசிப் பேசி அவரை உட்கார வைத்தேன்.

அச்சகத்துக்குள்ளேயே உட்கார்ந்து பேசினோம். எல்லாருக்கும் பில்லில் பத்து சதவீதம் என்று ஆரம்பித்தேன். அண்ணாச்சி சிரித்துவிட்டார்.

"ஏ தாயி, எம் பில்லுல பாதிக்கு மேல பேப்பர் காசு. அது சிவகாசிக்காரனுக்குப் போவுது. மையி, பிளேட்டு, மிசின் ஓட்டுத ஆளு கூலி எல்லாம் போக என் கையில நிக்கதே பத்துத்தான் வரும். அதை உங்கிட்ட குடுத்துட்டு நான் கோயில் வாசல்ல போயா உக்கார?"

நியாயம்தான். தம்பிக்கு அவன் உழைப்பும் கேமராவும்தான் மூலதனம். பத்து கொடுத்தாலும் தாங்குவான். எனக்கும் அப்படியே. அண்ணாச்சிக்கு ஒரே அளவுகோல் சரிவராது. பேப்பர் காசைக் கழித்துவிட்டு அச்சுக்கூலியில் மட்டும் பத்து என்றேன். அதற்கு அவர் பேப்பர் பில்லை எங்களிடம் காட்ட வேண்டும். காட்டுவாரா? எந்தக் கடைக்காரன் வாங்கிய விலையைக் காட்டியிருக்கிறான்! கடைசியில் அவருக்கு மட்டும் மொத்தப் பில்லில் நான்கு என்று முடிந்தது.

அடுத்த சிக்கல், எத்தனை காலத்துக்கு என்பது. "கல்யாணம் ஒருக்காத்தான்க்கா நடக்கும். எனக்கு வாரவன் ஒரே பில்லு. உங்ககிட்ட வாரவன் மாசாமாசம் குடுப்பான். எனக்கு மொதப் பில்லுல மட்டும் பங்குன்னா எப்படி?" என்றான் தம்பி. அதுவும் நியாயம். மாதாந்திர வேலை என்றால் முதல் மூன்று மாதத்துக்குப் பங்கு என்று வைத்தோம். வாடிக்கையாளர் முன்பணம் கொடுத்த அன்றே பங்கு கேட்கக் கூடாது. அவர் பணம் வர வரத்தான் பங்கும். வேலையில் குறை வந்தால் செய்தவர் சரிசெய்து கொடுக்கும்வரை பங்கு நிற்கும். பங்குக்காக யாரும் விலையை ஏற்றக் கூடாது. வாடிக்கையாளரிடம், இவரை நாங்கள் காட்டினால் எங்களுக்கு இவ்வளவு வரும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். இந்தக் கடைசி விதியில் நான் பிடிவாதமாக நின்றேன். மூடி மறைத்து வாங்குகிற காசு என்றைக்காவது வாயைத் திறக்கும்.

ஆடிட்டர் ஒருவரையும் சேர்க்கலாம் என்று போய்க் கேட்டேன். புதுக் கடை என்றால் ஜி.எஸ்.டி. பதிவுக்கு அவரிடம்தானே போக வேண்டும்? அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆடிட்டர் அல்லாதவங்களுக்கு எங்க பீஸ்ல பங்கு குடுக்கவும் கூடாது, ஆள் அனுப்புததுக்கு கமிஷன் வாங்கவும் கூடாது. எங்க தொழில் விதி அது. தெரிஞ்சா லைசென்சுக்கே ஆபத்து. நீங்க நல்லா செஞ்சா நான் சும்மாவே சொல்லுதேன்" என்றார். வாங்குகிற பங்கையும் பில் போட்டு வருமானத்தில் காட்டச் சொல்லி அனுப்பினார். வெளியே வந்து, பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போதுதான், யார் அனுப்பியது என்பதை எப்படி முடிவு செய்வது என்று தம்பி கேட்டான். டீ ஆறிக்கொண்டிருந்தது. போனில் ஒரு குரூப் ஆரம்பிப்போம், யார் முதலில் பெயரைப் போடுகிறாரோ அவர் கணக்கு என்று போகிற போக்கில் சொன்னேன். மூவரும் தலையாட்டினோம். சதவீதத்துக்கு அவ்வளவு நேரம் மல்லுக்கட்டிய நாங்கள், அதற்கு ஒரு நிமிஷம்கூடச் செலவழிக்கவில்லை.

முதலில் நன்றாகத்தான் போனது. அண்ணாச்சி ஒரு மிக்சர் கடைக்காரரை அனுப்பினார். பங்கு விஷயத்தைச் சொன்னதும் அவர், "அந்தப் பத்தை எனக்கே குறைச்சிரேன், நானே என்னைய கூட்டியாந்தேன்னு வச்சுக்கோ" என்றார். முடியாது என்றேன். சிரித்துக்கொண்டே வேலையைக் கொடுத்தார். முதல் பங்கை நான் அச்சகத்துக்குப் போய் அண்ணாச்சி கையில் கொடுத்தபோது அவர் அதை வாங்கக் கூச்சப்பட்டார். கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, "இது வேணுமா தாயி?" என்று இன்னொரு தடவை கேட்டார். எனக்கோ தலைகால் புரியவில்லை. தை மாதம் நமக்குத்தான் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

ஒரு காலையில் போன் டொய்ங் டொய்ங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. குரூப்பில் தம்பி பெயர் போட்டுக்கொண்டிருந்தான். ரத வீதி நகைக்கடை, பக்கத்துப் பாத்திரக்கடை, அடுத்த மருந்துக்கடை, எதிரே வளையல் கடை. ஒரு தெரு முடிந்து அடுத்த தெரு. பனவடலிசத்திரம் டிராக்டர் கடைவரை போய்விட்டான். போன் போட்டு, "ஏலே, என்னல இது? ஊரையே பட்டா போடுத?" என்று கத்தினேன்.

"ரூல்படிதானக்கா? மொதல்ல போட்டவனுக்குன்னு நீங்கதான சொன்னிய? இவங்க வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் நான்தான் போட்டோ புடிச்சேன். எல்லாரும் எனக்குப் பழக்கம். என்னைக்காவது ஒரு நாள் உங்ககிட்ட வரத்தான் செய்வான்" என்றான்.

அவன் குரலில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. கடன்காரன் வாசலில் நிற்கிறவனுக்கு ஊர் முழுக்கத் தன் சொத்தாகத் தெரிந்திருக்கிறது. மத்தியானம் அண்ணாச்சி குரூப்பில் ஒரே ஒரு வரி போட்டார். இத்தனை பேர் கல்யாணத்துக்கும் பத்திரிகை அடித்தது தான்தான் என்று. அதற்கு மேல் எதுவும் எழுதவில்லை. அந்த ஒரு வரியைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது.

ஓடிப்போய் விதியைத் திருத்தப் பார்த்தேன். வாடிக்கையாளருக்கே விருப்பம் இருந்தால்தான் பெயர் போட வேண்டும், என்ன வேலை என்று குறிப்பிட வேண்டும், ஒரு மாதத்துக்குள் அவர் வராவிட்டால் அந்தப் பெயர் செல்லாது. முதல் நாளே இருந்திருக்க வேண்டிய விதிகள்தான். அண்ணாச்சி மிஷினை நிறுத்தாமலே பேசினார்.

"நல்ல ரூல்தான். ஆனா சந்தேகம் வந்த பெறவு போடுத ரூலு, யாரைப் பாத்துப் போட்டதுன்னுதான் தோணும். அந்தப் பையனுக்கும் தோணும், எனக்கும் தோணும். நடந்தது நடந்துபோச்சு, விடு தாயி."

விட்டிருக்கலாம். அதற்குள் ஜவுளிக்காரர் வந்துவிட்டார்.

விசைத்தறி வைத்திருந்தவர், ராஜபாளையம் சாலையில் சொந்தமாகக் காட்டன் சேலை ஷோரூம் கட்டிக்கொண்டிருந்தார். கடைப் பெயரிலிருந்து போர்டு, பை, திறப்புவிழா அழைப்பிதழ், வீடியோ, அதற்குப்பின் மாதாமாதம் விளம்பரம் எல்லாம் வேண்டும் என்றார். ஒரு வருஷத்துக்கு என் வாடகையை யோசிக்க வேண்டாம். அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கலாம். அச்சு அண்ணாச்சிக்கு, வீடியோ தம்பிக்கு, இரண்டிலும் எனக்குப் பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொன்னேன். அவர் அசட்டையாகக் கையை ஆட்டினார். "தரகு இல்லாத யாவாரம் எங்கம்மா இருக்கு? வேலை சுத்தமா இருக்கணும், அவ்ளோதான்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. யார் சொல்லி வந்தீர்கள் என்று அவரைக் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அன்றைக்கே இரண்டு பேரும் ஆரம்பித்தார்கள். தம்பி குரூப்பில் அவர் பெயரை ஏற்கெனவே போட்டிருந்தான். அவர் கடைதான் என்றில்லை, அந்தச் சாலையில் அஸ்திவாரம் தோண்டியிருந்த எல்லாக் கட்டிடத்தையும் போட்டிருந்தான். அண்ணாச்சியோ, ஜவுளிக்காரர் தன் மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தபோதே உன்னைப் பற்றிச் சொன்னேன் என்றார். அவர் குரூப்பில் போடவில்லை. அவருக்கு அதெல்லாம் பழக்கமில்லை. ஆளைப் பார்த்தால் வாயால் சொல்லுகிற மனிதர்.

இரண்டு பேருக்கும் முழுப் பங்கு கொடுத்தால் முதல் மூன்று மாதம் பில்லில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்றேன். அதைவிட நியாயமாக என்னால் யோசிக்க முடியவில்லை.

"ரூலை போட்டதும் நீங்க, மாத்துததும் நீங்களாக்கா? எழுதினது எழுதினதுதான்" என்றான் தம்பி.

அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிப்போனது. "ஒத்தைப் பைசா இல்லாம எத்தனை பேரை அனுப்பியிருக்கேன், சொல்லு பாப்போம். அப்பல்லாம் எனக்குக் கணக்கு தெரியாது. நீதான சொல்லிக் குடுத்த? இப்ப பாதிங்கிய. நான் என்ன பிச்சையா கேக்கேன்?" அவர் என்னை 'நீ' என்றும், வெளியாளிடம்போல மரியாதையாக 'ங்கிய' என்றும் மாற்றி மாற்றிப் பேசினார். தாயி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பணம் தேவையில்லை. நான் அவருடைய வாய்ச்சொல்லை, ஒரு பையன் போனில் தட்டிய எழுத்துக்குச் சமமாக வைத்துப் பாதியாக அறுத்துவிட்டேன். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு இது எனக்குப் புரியவில்லை. கோபம்தான் வந்தது. இந்த வயசில் இவருக்கு ஏன் இவ்வளவு பேராசை என்று நினைத்தேன்.

அடுத்த நாள் இரண்டு பேரும் தனித்தனியாகப் போய் ஜவுளிக்காரரையே கேட்டுவிட்டார்கள். நான் சொல்லித்தானே போனீர்கள், அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று. சித்தாளும் கொத்தனாரும் வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் வைத்துச் சாட்சி கேட்டிருக்கிறார்கள். இதை யாராவது செய்வார்களா? எங்கள் ஊரில் செய்வார்கள். அண்ணன் தம்பி வரப்புத் தகராறுக்கே வழியில் போகிறவனை நிறுத்திச் சாட்சி கேட்கிற ஊர்.

ஜவுளிக்காரர் மாடியேறி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீங்க யாரும் என்னைய கூட்டிட்டு வரலம்மா. நானாத்தான் வந்தேன். வாசுதேவநல்லூருக்குப் போயிட்டு பஸ்ஸுல வந்தேன், வெளிய உங்க போர்டு கண்ணுல பட்டுது. எழுத்து அழகா இருந்துது. ஏறி வந்தேன். அவ்ளோதான்."

நான் மறுபடி நாற்காலியை நகர்த்திப் போட்டேன். அவர் நின்றபடியே தொடர்ந்தார்.

"தரகு வாங்குதது தப்பில்ல. நான் சந்தையில மாடு புடிச்சு வளந்தவன். ஆனா வாங்க வந்தவன் முன்னாடி தரகன் ரெண்டு பேரு சட்டையைப் புடிச்சா, அவன் மாட்டையே சந்தேகப்படுவாம்மா. நல்ல நாள் பாத்து கடை திறக்கப் போறேன். இந்த மனத்தாங்கலோட எனக்கு வேண்டாம். மதுரையில ஒரு கம்பெனி எல்லாத்தையும் ஒரே இடத்துல செய்தாவளாம். தப்பா நினைக்காதிய" என்றார். டிசைனுக்கு என்ன ஆயிற்றோ அதைக் கொடுத்துவிடுகிறேன் என்று வேறு சொன்னார். வேண்டாம் என்றேன். அந்த மனிதர்மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

அதற்குப்பின் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலை. தம்பி வண்டியில் போகும்போது தலையைத் திருப்பிக்கொள்வான். பிறகு ட்ரோனை விற்றுவிட்டுத் திருப்பூரில் யாரிடமோ வேலைக்குச் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன். அண்ணாச்சி பார்த்தால் சிரிப்பார். அச்சு வேலை கொடுத்தால் சொன்ன தேதிக்குச் சுத்தமாக முடித்துத் தருவார். ஆனால் ஆள் அனுப்புவது நின்றுவிட்டது. ஒரு நாள் மனம் பொறுக்காமல் அச்சகத்துக்குப் போய், "அண்ணாச்சி, அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், பழையபடி இருப்போம்" என்றேன். அவர் பத்திரிகைக் கட்டைத் தட்டி அடுக்கிக்கொண்டே, "இருக்கலாம் தாயி. ஆனா இனிமே ஒருத்தனை உங்கிட்ட அனுப்புனா, காசுக்குத்தான் அனுப்புதேனோன்னு எனக்கே தோணுமே" என்றார். கறந்த பால் மடி ஏறாது. குரூப்பிலிருந்து மூவரில் யாரும் விலகவில்லை. வந்த வேலையெல்லாம் ஆடிட்டர் சும்மா சொல்லி அனுப்பிய ஒன்றிரண்டுதான். அதில் உரக்கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய மாடி வாடகைகூடத் தேறவில்லை.

மார்கழியில் ஒரு மத்தியானம். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வாசலில் நின்று, "பிரஸ் அண்ணாச்சி சொல்லி வாரேன்" என்றார்.

நான் எழுந்தேவிட்டேன். அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்துக் கீழே இரண்டு டீ சொன்னேன். அண்ணாச்சிக்கு மனசு ஆறிவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். நோட்டை விரித்து, "சொல்லுங்க, என்ன கடை?" என்றேன்.

அவர் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார், சுவரில் பிளக் பாயின்ட் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்தார்.

"கடை இனிமேத்தாம்மா. தையல் மிசின் போடணும், இடம் தேடுதேன். இந்த ரூம் தையில காலியாவும்னு அண்ணாச்சி சொன்னாவ. வாடகை எவ்வளவு குடுக்கிய?"

காலி செய்யப்போவதாக நான் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. டீ வந்தது. ஒன்றை அவர் பக்கம் நகர்த்திவைத்தேன். வாடகையைச் சொன்னேன். மழை பெய்தால் ஒழுகுகிற மூலையையும் காட்டினேன்.